அப்பாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள்

கிளிநொச்சி
வியாழக்கிழமை

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கடிதத்தை நேற்றுக் காலை இரவுக் கடமை முடிந்து வந்து வாசித்தேன். "அப்பா வேதனைப்பட்டாரா? அண்ணா என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறார், நீங்கள் உள்ளதைச் சொல்லுங்கள்" என்று எழுதியிருந்தீர்கள். "இல்லை" என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் எங்கள் ஆஸ்பத்திரி விடுதியில் அவர் இருந்த பதினொரு நாளில் ஏழு இரவு நான்தான் அவரைப் பார்த்தேன்.

நோ இருந்தது. புற்றுநோய் முதுகெலும்புக்கும் பரவியிருந்தது. வீட்டில் பனடோலைப் போட்டுக்கொண்டு, உங்களோடு கதைக்கும்போது நாரிப்பிடிப்பு என்று சமாளித்திருக்கிறார். கனடாவில் இருக்கும் உங்களுக்குத் தெரிய வழியில்லை, பக்கத்து வீட்டாருக்கே தெரியவில்லை. முதல் இரண்டு இரவும் திரும்பிப் படுக்கவே கஷ்டப்பட்டார். வைத்தியர் நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மோர்பின் கொடுக்கச் சொன்னார். மூன்றாம் நாள் அளவைக் கூட்டிய பிறகுதான் அடங்கியது. அப்போதும் விரிப்பு மாற்றப் புரட்டினால் முகம் சுளிப்பார். மற்றப்படி நித்திரை கொண்டார், பிளேன்டீ கேட்டு அரைக் கோப்பை குடித்தார். மழை கொட்டிய ஒரு காலையில் "இரணைமடுக் குளத்துக் கதவைத் திறந்துவிட்டார்களா, பிள்ளை?" என்று விசாரித்தார். அந்த நிலையிலும் அவருக்கு வயல்தான்.

கடைசி இரவு அண்ணா தொலைபேசியைக் கட்டிலருகே பிடித்தபோது நீங்கள் கேட்ட சத்தம்தான் உங்களைத் தூங்கவிடவில்லை என்று நினைக்கிறேன். சேடம் இழுக்கிறது என்று ஊரில் சொல்வோமே, அதுதான். நினைவு நன்றாக மங்கிய பிறகு மனிதருக்கு விழுங்கவோ இருமவோ வராது. தொண்டையில் தேங்கும் சளிக்குள்ளால் மூச்சு போய்வரும்போது அப்படிக் களகளக்கும். நினைவோடு இருந்திருந்தால் செருமியிருப்பார், இருமித் துடித்திருப்பார். அவர் ஒருமுறைகூட இருமவில்லை. பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைத்தேன், சத்தம் கொஞ்சம் குறைந்தது; அதுகூட அண்ணாவுக்காகத்தான் செய்தேன். மூச்சு நின்று நின்று வந்ததும் மூளை ஓய்ந்துகொண்டு வருவதால்தான். அது திணறல் இல்லை.

அவருக்குள் புகுந்து பார்த்ததாக நான் சொல்ல முடியாது. இப்படியான நேரத்தில் நாங்கள் நெற்றியையும் கைகளையும் பார்ப்போம், முனகல் இருக்கிறதா என்று கேட்போம். அவர் நெற்றி சுருங்கவில்லை. முனகவில்லை. விரல்கள் தளர்ந்து அண்ணாவின் உள்ளங்கையில் கிடந்தன. விடிய நான்கு மணி கடந்து ஒரு மூச்சு வந்தது. அடுத்ததற்குக் காத்திருந்தோம், வரவில்லை.

நீங்கள் வந்திருந்தால் நோ குறைந்திருக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். குறைந்திருக்காது, தங்கச்சி. அதே மருந்தைத்தான், அதே அளவில்தான் கொடுத்திருப்போம்.

இந்தக் கிழமை முழுவதும் எனக்கு இரவுக் கடமை. இங்கே பின்னேரம் இரண்டு மணிக்குப் பிறகு எழுந்துவிடுவேன். இன்னும் ஏதாவது கேட்க இருந்தால் எடுங்கள்.

அன்புடன்,
விடுதி அக்கா