திருமணச் சான்றிதழ்: வியட்நாமிய மூலத்திலிருந்து தமிழ் மொழிபெயர்ப்பு

வியட்நாம் சோசலிசக் குடியரசு
சுதந்திரம் – விடுதலை – மகிழ்ச்சி

திருமணச் சான்றிதழ்
இலக்கம்: 37/2023

மனைவி
குடும்பப் பெயர், நடுப்பெயர், பெயர்: நுயென் தி ஹோங் லான்
பிறந்த திகதி: 02.03.1994
இனம்: கின்
நாட்டுரிமை: வியட்நாம்
வசிப்பிடம்: ஹாய் சௌ மாவட்டம், டா நாங் நகரம்
அடையாள ஆவணம்: குடிமக்கள் அடையாள அட்டை இல. 048194006273

கணவர்
குடும்பப் பெயர், நடுப்பெயர், பெயர்: கந்தசாமி பிரதீபன்
பிறந்த திகதி: 19.11.1990
இனம்: [மூலத்தில் கோடிடப்பட்டுள்ளது]
நாட்டுரிமை: இலங்கை
வசிப்பிடம்: நல்லூர், யாழ்ப்பாணம், இலங்கை
அடையாள ஆவணம்: கடவுச்சீட்டு இல. N7041826

திருமணம் பதிவான இடம்: ஹாய் சௌ மாவட்ட மக்கள் குழு, டா நாங் நகரம்
பதிவுத் திகதி: 14.09.2023

மனைவி [ஒப்பம்]
கணவர் [ஒப்பம்]

தலைவருக்காக, துணைத் தலைவர்
[ஒப்பம்] லே வான் மின்
[சிவப்பு வட்ட முத்திரை: "ஹாய் சௌ மாவட்ட மக்கள் குழு, டா நாங் நகரம்". நடுவில் நாட்டின் அரச சின்னம். முத்திரை துணைத் தலைவரின் ஒப்பத்தின் இடப்பகுதியை மூடியுள்ளது.]

மொழிபெயர்ப்பாளர் குறிப்பு: சதுர அடைப்புக்குறிக்குள் உள்ளவை என் விளக்கங்கள்; மூலத்தின் வாசகங்கள் அல்ல. மனைவியின் பெயரில் முதலில் வரும் "நுயென்" குடும்பப் பெயர், வரிசையை மாற்றவில்லை. "இனம்" என்பது நாட்டுரிமையிலிருந்து வேறான களம். "மக்கள் குழு" அங்குள்ள உள்ளூர் நிர்வாக அமைப்பு. அதைப் பிரதேச செயலகம் என்று மாற்றி எழுதுவது பொருத்தமற்றது.

சான்றுரை: குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் சமர்ப்பிப்பதற்காக, எனக்குக் காட்டப்பட்ட ஒரு பக்க மூலச் சான்றிதழின் முழுமையான, சரியான மொழிபெயர்ப்பு இதுவெனச் சான்றுப்படுத்துகிறேன்.

[ஒப்பம், முத்திரை]
எஸ். நிர்மலா
சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர், யாழ்ப்பாணம்
06.02.2024