செய்தியாளர் சந்திப்புப் பதிவு: குழாய் உடைப்பு, குடிநீரில் கிருமி, கொதிக்கவைக்கும் அறிவுரை

உள்கோப்புக்கு மட்டும். வெளியாருக்கு நகல் தரக் கூடாது.

நாள்: 14.03.2024, வியாழக்கிழமை
நேரம்: அறிவித்தது காலை 11.00, தொடங்கியது 11.12, ஆணையர் நன்றி கூறி முடித்தது 11.51
இடம்: குடிநீர் வழங்கல் தலைமை அலுவலகம், முதல் தளக் கூட்ட அரங்கு
பேசியவர்கள்: ஆணையர், தலைமைப் பொறியாளர், சுகாதார அலுவலர்
நடத்தியவர்: மக்கள் தொடர்பு அலுவலர்
வந்திருந்த செய்தியாளர்கள்: 19 பேர் (நாளிதழ் 8, தொலைக்காட்சி 6, இணையச் செய்தி 4, வானொலி 1)
ஒலிப்பதிவு: மேசைக் கருவியிலும் கைப்பேசியிலும். மேசைப் பதிவில் 11.20 முதல் 11.22 வரை மைக் இரைச்சல் இருப்பதால் அந்தப் பகுதி கைப்பேசிப் பதிவிலிருந்து எழுதப்பட்டது.

மேற்கோள் குறிக்குள் இருப்பது ஒலிப்பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்த சொற்கள். குறி இல்லாதது சுருக்கம். மறுக்கப்பட்ட கேள்விகளுக்குக் கேள்வியின் வாசகம் முழுதாகத் தரப்பட்டுள்ளது. அடுத்த சந்திப்பில் இதே கேள்விகள்தான் திரும்ப வரும். அப்போது எந்தச் சொல்லுக்கு என்ன காரணம் சொல்லி மறுத்தோம் என்பது கையில் இருக்க வேண்டும்.

அதிகாரபூர்வமாகச் சொன்னவை

ஆணையர் (11.12 – 11.17) அச்சிட்ட செய்திக்குறிப்பை வாசித்தார். சாரம்: 12.03 இரவு 10.40 மணிக்கு 300 மி.மீ. பிரதான குழாய் உடைந்தது. 11.25க்கு வால்வு அடைக்கப்பட்டது. 13.03 காலை 6.10க்குப் பழுது முடிந்து, 7.00 மணிக்கு நீர் திறக்கப்பட்டது. 8.30க்கு 12 இடங்களில் மாதிரி எடுக்கப்பட்டது. இன்று காலை 9.15க்கு முடிவு வந்தது. 2 மாதிரிகளில் ஈ.கோலி கிருமி. 9.40க்குக் கொதிக்கவைக்கும் அறிவுரை வெளியிடப்பட்டது.

குறிப்பிலிருந்து ஓர் இடத்தில் அவர் விலகினார். குறிப்பில் "மூன்று வார்டுகள்" என்று இருந்தது. வாசிக்கும்போது "மூன்று வார்டுகளும் அதைச் சுற்றியிருக்கிற பகுதி எல்லாமும்" என்றார் (11.15). அப்படி எந்த முடிவும் எடுக்கப்படவில்லை. இரண்டு தொலைக்காட்சிகள் இதை நேரலையில் எழுத்தாக ஓட்டின. திருத்தம் 12.40க்கு 19 பேருக்கும் மின்னஞ்சலில் போனது. திருத்தத்தில் "மூன்று வார்டுகள் மட்டும்" என்று எழுதியிருக்கிறோமே தவிர ஆணையர் சொன்னது தவறு என்று எழுதவில்லை. ஆகவே இரண்டு வாசகமும் வெளியே உலவுகின்றன என்பதை மனத்தில் வைத்தே அடுத்த அறிக்கையைத் தயாரிக்க வேண்டும்.

தலைமைப் பொறியாளர் (11.17 – 11.21): உடைப்பின்போது குழாயில் அழுத்தம் போய்விட்டது, பக்கத்தில் ஓடும் கழிவுநீர்க் குழாயின் கசிவு மூட்டுகள் வழியாக உள்ளே உறிஞ்சப்பட்டிருக்க வாய்ப்புண்டு. "உறிஞ்சப்பட்டது என்று நான் சொல்லவில்லை, வாய்ப்பு என்றுதான் சொல்கிறேன்." பழுதான பகுதி இன்று மீண்டும் தனிமைப்படுத்தப்பட்டு, லிட்டருக்கு 25 மி.கி. குளோரின் நிரப்பி 24 மணி நேரம் வைக்கப்படுகிறது. முடிவில் 10 மி.கி.க்குக் குறையாமல் இருந்தால் மட்டுமே கழுவி வெளியேற்றுவார்கள். அதன் பிறகு 24 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை மாதிரி எடுத்து, இரண்டிலும் 100 மி.லி.க்கு ஈ.கோலி இல்லை என்று வந்தால்தான் அறிவுரை விலக்கப்படும்.

இந்தக் கடைசி வாக்கியம் இதுவரை எந்த எழுத்திலும் வந்ததில்லை. இப்போது இது பொதுவில் சொன்ன நிபந்தனை. ஒரே ஒரு மாதிரி சரியாக வந்ததும் அறிவுரையை எடுத்தால் இன்றைய பதிவை எடுத்துப் போட்டுக் காட்டுவார்கள். ஆய்வகத்தில் ஒவ்வொரு முடிவுக்கும் 18 முதல் 24 மணி நேரம் ஆகும். எனவே சொன்ன சொல்லைக் காப்பாற்றினால் 17.03க்கு முன் விலக்கல் நடக்காது. அந்த நாளை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, நல்லது.

சுகாதார அலுவலர் (11.21 – 11.23): நீர் தளதளவென்று கொதித்த பிறகு முழு ஒரு நிமிடம் கொதிக்க வேண்டும், ஆறவைத்து மூடி வைக்க வேண்டும். பல் துலக்க, காய் கழுவ, குழந்தைக்குப் பால்மாவு கரைக்கவும் அந்த நீரே. "வடிகட்டி இருந்தால் போதும் என்று நினைக்க வேண்டாம்."

மறுக்கப்பட்ட கேள்விகள்

மொத்தம் 13 கேள்விகள். 7க்கு முழுப் பதில், 2க்குப் பின்னர் பதில் தருவதாக வாக்கு, 4 மறுப்பு.

கே.4 (11.24, தொலைக்காட்சி): "சோதனை முடிவு வருவதற்கு முன்னாடியே ஏழு மணிக்குத் தண்ணீரைத் திறக்கச் சொல்லி உத்தரவு போட்டது யார்? அது எழுத்து உத்தரவா?"
ஆணையர்: "அது துறை விசாரணையில் இருக்கிறது. விசாரணை முடிகிறவரை நான் யாருடைய பெயரையும் சொல்ல முடியாது."
சொன்ன காரணம்: விசாரணை நிலுவை. கவனிக்க வேண்டியது, கேள்வியில் இரண்டு பாகங்கள் உண்டு. "எழுத்து உத்தரவா" என்பதற்குப் பதிலும் இல்லை, மறுப்பும் இல்லை. இதை மறுப்பு என்று பதியக் கூடாது; பதிலின்றி விடப்பட்டது என்றே பதியப்படுகிறது.

கே.11 (11.43, நாளிதழ்) இதே விஷயத்தை வேறு வாசலில் கொண்டுவந்தது: "முடிவு வர ஒரு நாள் ஆகும் என்று தெரிந்தும் ஏன் காத்திருக்கவில்லை?" ஆணையர் வாய் திறப்பதற்குள் தலைமைப் பொறியாளர் பதில் சொன்னார்: "குழாயில் அழுத்தம் இல்லாமல் விட்டால் இன்னும் கழிவு உள்ளே வரும். அதனால் அழுத்தம் கொடுத்தே ஆக வேண்டும். அதற்காகத் திறந்தோம்." தொழில்நுட்பப்படி இது சரியான விளக்கம்; கட்டுக்குள் வைத்திருக்க வேண்டிய அழுத்தத்தை நெடுநேரம் இழந்த குழாய் ஆபத்தானது. ஆனால் இரண்டு சிக்கல். "திறந்தோம்" என்ற பன்மை, கே.4இல் மறுத்த "யார்" என்பதற்குப் பாதிப் பதில். மேலும் அழுத்தம் கொடுப்பதற்கும், குடிக்கத் தகுந்தது என்று விநியோகிப்பதற்கும் இடையில் மக்களை எச்சரிக்கும் வழி ஒன்று இருக்கிறது. அது ஏன் நடக்கவில்லை என்ற கேள்வி அடுத்து வரும். கே.11 முழுப் பதில் கணக்கில் சேர்க்கப்பட்டுள்ளது. கே.4க்கான காரணத்தை இனிச் சொல்லும்போது இந்தப் பதிலையும் எதிரில் வைத்தே சொல்ல வேண்டும்.

கே.7 (11.31, இணையச் செய்தி): "மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் எந்தெந்தத் தெரு, எந்த வயது?"
சுகாதார அலுவலர்: "வயிற்றுப்போக்கோடு 23 பேர் வந்திருக்கிறார்கள், 6 பேர் உள்நோயாளிகள். தெருவைச் சொன்னால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். அது சொல்ல மாட்டோம்."
காரணம்: நோயாளிகளின் அந்தரங்கம். தெளிவான, காரணத்தோடு கூடிய மறுப்பு, எதிர்க்கேள்வி எழவில்லை. இதையடுத்து வந்த "குழாய்த் தண்ணீர்தான் காரணமா" என்பதற்கு (கே.8) அவர், "இப்போதைக்கு உறுதி இல்லை, மல மாதிரிகள் ஆய்வகத்தில் இருக்கின்றன" என்றார். இது மறுப்பு அல்ல, அன்றைய நிலையில் முழுப் பதில். இரண்டு செய்தி இணையங்கள் இதை "பதில் சொல்ல மறுத்தார்" என்று போட்டிருக்கின்றன, ஒலிப்பதிவு 11.32 – 11.33 அதை மறுக்கப் போதுமானது.

கே.9 (11.36, நாளிதழ்): "இந்தக் குழாயைப் பராமரிக்கும் ஒப்பந்ததாரர் மேல் நடவடிக்கை உண்டா?"
ஆணையர் தலையசைத்தார், சொல் இல்லை. மறுபடி கேட்டபோது மக்கள் தொடர்பு அலுவலர், "அடுத்த கேள்வி" என்றார். காரணம் சொல்லப்படவில்லை. தலையசைப்பு ஆமாம் என்றா, இல்லை என்றா, சொல்ல மாட்டேன் என்றா என்பது காணொளியிலும் தெரியவில்லை. பார்ப்பவர் விரும்பியபடி எடுத்துக்கொள்ளலாம். காரணம் இல்லாத மறுப்பு ஒளிப்பதாகவே வெளியே படிக்கப்படும். உண்மையில் சட்டப் பிரிவின் கருத்து நிலுவையில் இருக்கிறது, அதையே சொல்லியிருக்கலாம். இதற்கு எழுத்து விளக்கம் தேவை.

கே.12 (11.46, வானொலி): "பக்கத்து ஊருக்கும் இதே நீரேற்று நிலையத்திலிருந்துதான் போகிறது, அங்கே என்ன நிலை?"
ஆணையர்: "அது அவர்கள் நிர்வாகம் சொல்ல வேண்டியது." காரணம்: அதிகார எல்லை. மறுப்பு சரி. ஆனால் 12 மாதிரி இடங்களில் ஒன்று நீரேற்று நிலைய வெளியேறும் குழாய், அங்கே கிருமி இல்லை. நம் கையிலுள்ள இந்த முடிவைச் சொன்னால் எல்லை மீறல் ஆகாது. பலருக்குப் பயமும் தணிந்திருக்கும்.

பின்னர் பதில் தருவதாகச் சொன்னவை

கே.5: குழாய் எந்த ஆண்டு பதிக்கப்பட்டது. தலைமைப் பொறியாளர், "பதிவேடு பார்த்துச் சாயங்காலத்துக்குள் சொல்கிறேன்."
கே.10: மூன்று வார்டுகளில் இன்றைய எஞ்சிய குளோரின் அளவு. அதே அலுவலர், "நாளைக் காலை பத்து மணிக்கு எழுத்தில்." குறைந்தபட்சம் லிட்டருக்கு 0.2 மி.கி. என்பதைக் கேட்டவரே குறிப்பிட்டார். ஆகவே பதிலில் சராசரி மட்டும் கொடுத்தால் ஒத்துக்கொள்ள மாட்டார். மாதிரி இடம், நேரம், அளவு மூன்றும் வேண்டும்.

சந்திப்புக்கு வெளியே

11.55க்கு மாடிப்படியருகே தலைமைப் பொறியாளர் இரண்டு செய்தியாளர்களிடம், "ஏறக்குறைய நாற்பது வருஷக் குழாய் அது" என்றார். கே.5க்குப் பதிவேடு பார்ப்பதாகச் சொல்லி 31 நிமிடம்கூட ஆகவில்லை. பெயர் குறிப்பிடாமல் எழுத வேண்டும் என்ற ஒப்பந்தம் முன்கூட்டி எதுவும் இல்லை. ஆகவே அவர் பெயரில் வெளியிட அவர்களுக்கு முழு உரிமை உண்டு. சொன்ன பிறகு "இது என் பெயரில் வேண்டாம்" என்பது பலிக்காது. இந்த வாசகம் அருகில் நின்ற உதவி மக்கள் தொடர்பு அலுவலர் எழுதிக்கொண்டது, ஒலிப்பதிவு கிடையாது. பதிவேட்டு ஆண்டு வேறாக இருந்தால் இருவருக்கும் இன்றே நேரில் சொல்ல வேண்டும்.

செய்ய வேண்டியவை

கே.5 – தலைமைப் பொறியாளர், இன்று மாலை 6.00க்குள், 19 பேருக்கும் ஒரே நேரத்தில். மாடிப்படியில் கேட்ட இருவருக்கு மட்டும் முதலில் போகக் கூடாது.
கே.10 – தலைமைப் பொறியாளர், 15.03 காலை 10.00.
கே.9 – மக்கள் தொடர்பு அலுவலர், சட்டப் பிரிவு ஒப்புதலோடு ஒரு வாக்கிய விளக்கம், 15.03 மதியத்துக்குள்.
கே.4 இரண்டாம் பாகம் – பதில் சொல்வதா, காரணத்தோடு மறுப்பதா என்று ஆணையர் அடுத்த சந்திப்புக்கு முன் முடிவு செய்து இந்தக் கோப்பில் எழுத வேண்டும்.

இரண்டு ஒலிப்பதிவுகளும் வெட்டாமல் பெயரிட்டு வைக்கப்பட்டுள்ளன. மேசைப் பதிவின் கடிகாரம் கைப்பேசியை விட 40 வினாடி பின்தங்கியது. மேலே உள்ள நேரங்கள் கைப்பேசிக் கடிகாரப்படி. பதிவு எழுதியவர்: உதவி மக்கள் தொடர்பு அலுவலர். ஒப்பிட்டுப் பார்த்தவர்: மக்கள் தொடர்பு அலுவலர், 14.03.2024 பிற்பகல் 3.30. இதற்குப் பின் எழும் திருத்தம் எதுவும் மேலே அடித்து எழுதாமல், நாளும் கையொப்பமும் இட்டுத் தனித்தாளில் சேர்க்கப்படும்.