இன்சிடென்ட் தீவிர நிலைகள்: யாரை எழுப்புவது, எவ்வளவு சீக்கிரம்

டிக்கெட் முன்பதிவு, பேமென்ட், தேடல், அறிவிப்பு ஆகிய நான்கு டீம்களுக்கும் இந்த விதி பொருந்தும். ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் ஒருவர் இதைத் திறப்பார் என்று நினைத்து எழுதியிருக்கிறோம். நேரமில்லாதவர் அடுத்த இரண்டு பகுதிகளை மட்டும் படித்துவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

நிலையை முடிவு செய்ய மூன்று கேள்விகள்

பின்னால் திருத்த முடியாத சேதம் இப்போது நடந்துகொண்டிருக்கிறதா? தரவு அழிகிறது, ஒருவருடைய விவரம் இன்னொருவருக்குத் தெரிகிறது, பணம் இரண்டு முறை பிடிக்கப்படுகிறது என்றால் எத்தனை பேர் என்று எண்ண வேண்டாம். பத்துப் பேராக இருந்தாலும் அது மிகத் தீவிரமான நிலை, செவ்-1.

அப்படி இல்லை என்றால், பயனர் வந்த காரியத்தை முடிக்க முடிகிறதா? முடியவில்லை என்றால், அது எத்தனை பேருக்கு, கூடிக்கொண்டே போகிறதா?

எது உடைந்தது என்று இந்தக் கேள்விகளில் எங்கும் கேட்கவில்லை. வேண்டுமென்றே விட்டதுதான். டேட்டாபேஸ் ரெப்ளிகா ஒன்று விழுந்து, மற்றது சுமையை எடுத்துக்கொண்டால் யாரும் எழுந்திருக்க வேண்டாம். கான்ஃபிகில் ஒரே ஒரு வரி மாறி, யாராலும் பணம் கட்ட முடியவில்லை என்றால் எல்லாரும் எழ வேண்டும்.

நிலைகள்

செவ்-1: முன்பதிவோ பணம் கட்டுவதோ பெரும்பாலானவர்களுக்கு நின்றுவிட்டது, அல்லது மேலே சொன்ன திருத்த முடியாத சேதம். எந்த நேரமானாலும் சம்பந்தப்பட்ட டீமின் முதல் ஆன்-கால், இரண்டாம் ஆன்-கால், சுழற்சியில் இருக்கும் இன்சிடென்ட் கமாண்டர் மூவருக்கும் ஒரே சமயத்தில் பேஜ் போகும். 5 நிமிடத்தில் ஏற்க வேண்டும், 15 நிமிடத்தில் கணினி முன் இருக்க வேண்டும். நிலவரப் பக்கத்தில் முதல் அறிவிப்பு 20 நிமிடத்துக்குள், அப்புறம் அரை மணிக்கு ஒரு முறை. சொல்லப் புதிதாக எதுவும் இல்லை என்றால் அதையே போடுங்கள். தரவு கசிந்ததாகச் சந்தேகம் வந்தாலே பாதுகாப்பு ஆன்-காலையும் எழுப்புங்கள், உறுதியாகட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

செவ்-2: முக்கியமான வேலை ஒரு பகுதியினருக்கு நின்றிருக்கிறது, அல்லது எல்லாருக்கும் நடக்கிறது ஆனால் தட்டுத்தடுமாறி. ஒரு வகை கார்டு மட்டும் வேலை செய்யவில்லை, தேடல் முடிவு வர 20 விநாடி ஆகிறது போன்றவை. ராத்திரியிலும் பேஜ் உண்டு, ஆனால் முதல் ஆன்-காலுக்கு மட்டும். 10 நிமிடத்தில் ஏற்பு, 30 நிமிடத்தில் வேலை தொடக்கம். கமாண்டர் வேண்டுமா என்பதை ஆன்-காலே முடிவு செய்யலாம். இரண்டு டீம் சேர்ந்து பார்க்க வேண்டியிருந்தால் தயங்காமல் கூப்பிடுங்கள்.

செவ்-3: தொந்தரவுதான், ஆனால் மாற்று வழி இருக்கிறது. மின்னஞ்சலில் டிக்கெட் வரத் தாமதம், ஆப்பிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்பது மாதிரி. யாரையும் எழுப்பக் கூடாது. டீமின் வேலைப் பட்டியலில் ஒரு டிக்கெட் திறந்து வைத்தால் போதும், அடுத்த வேலை நாளில் 4 மணி நேரத்துக்குள் ஒருவர் கையில் எடுப்பார்.

செவ்-4: பேக்லாக்.

நேரக் கணக்கு எங்கிருந்து வந்தது

பேமென்ட் சேவைக்கு நாம் வைத்திருக்கும் இலக்கு 99.9 சதவீதம். 30 நாள் மாதத்தில் அது அனுமதிக்கும் மொத்தத் தடை 43 நிமிடம் 12 விநாடி. ஏற்பதற்கே அரை மணி எடுத்துக்கொண்டால், கோளாறைத் தேடித் திருத்த மிஞ்சுவது 13 நிமிடம்தான். அதனால்தான் செவ்-1க்கு 5 நிமிடம். செவ்-2இல் பாதிப்பு ஒரு பகுதிக்கு மட்டும் என்பதால் இந்தக் கணக்கு மெதுவாகத்தான் கரையும், கொஞ்சம் மூச்சு விடலாம்.

ஏற்பு என்றால் ‘நான் பார்க்கிறேன்’ என்று பொத்தானை அழுத்துவது, அவ்வளவுதான். சரிசெய்து முடிக்கக் காலக்கெடு எதுவும் இங்கே இல்லை. அதை எழுதி வைத்தால், கெடுவுக்குள் முடிந்த மாதிரி காட்டும் அவசரத் திருத்தங்கள்தான் பெருகும்.

செவ்-1இல் குறித்த நேரத்துக்குள் முதல், இரண்டாம் ஆன்-கால் இருவருமே ஏற்கவில்லை என்றால் டீம் லீடுக்குப் போகும், மேலும் 5 நிமிடம் கழித்துப் பொறியியல் தலைவருக்கு. செவ்-2இல் 10 நிமிடம் தாண்டினால் இரண்டாம் ஆன்-கால், அதற்குமேல் 10 நிமிடம் என்றால் டீம் லீட். இது தானாக நடக்கும். தூக்கத்தில் பேஜ் கேட்காமல் போவது யாருக்கும் நடக்கலாம். அடுத்த ஆள் எழுவது அதற்காகத்தான், புகார் சொல்வதற்காக அல்ல.

யார் அறிவிக்கலாம்

யார் வேண்டுமானாலும். வாடிக்கையாளர் சேவையில் உட்கார்ந்திருப்பவருக்குப் பல சமயம் அலாரத்துக்கு முன்பே தெரிந்துவிடும். அனுமதி கேட்க வேண்டியதில்லை, சாட்டில் இப்படி அடித்தால் போதும்:

```
/incident sev1 payment "பணம் போகிறது, டிக்கெட் வரவில்லை"
```

காரணம் எழுத வேண்டாம், பயனர் என்ன பார்க்கிறார் என்பதை எழுதுங்கள். இரண்டு நிலைக்கு நடுவில் குழப்பமா, அதிகத் தீவிரமானதைப் போடுங்கள். வீணாக ஒருவரை எழுப்பியதற்காக யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

அடிக்கடி வாக்குவாதம் வரும் இடங்கள்

டிஸ்க் 85 சதவீதம் நிரம்பிவிட்டது. இந்த எண் மட்டும் எதையும் சொல்லாது. எவ்வளவு வேகமாக நிரம்புகிறது என்று பாருங்கள். விடிவதற்குள் நிரம்பிவிடும் என்றால் இப்போதே செவ்-2. இன்னும் இரண்டு வாரம் தாங்கும் என்றால் செவ்-4. சான்றிதழ் காலாவதியாவதற்கும் இதே கணக்குதான்.

ராத்திரி ஓடும் ரீஃபண்ட் வேலை 2:10க்குத் தோற்றுவிட்டது. பணம் சில மணி நேரம் தாமதமாகப் போகும், செவ்-3, தூங்க விடுங்கள். அதே வேலை பாதி ஓடி, மறுபடி முதலிலிருந்து ஓடி, சிலருக்கு இரண்டு முறை பணம் போயிருந்தால் செவ்-1.

வெளியிலிருக்கும் பேமென்ட் கேட்வே விழுந்துவிட்டது, நம் கோட் சரியாக இருக்கிறது. பயனருக்கு இந்த வேறுபாடு தெரியாது, நிலையும் குறையாது. வேறு கேட்வேக்கு மாற்றுவதும் நிலவரப் பக்கத்தில் எழுதுவதும் நம் வேலைதான்.

பெரிய பதவியில் இருப்பவர் ஒருவருக்கு மட்டும் ஆப் திறக்கவில்லை. செவ்-3. அவர் கேட்டால் இந்தப் பத்தியைக் காட்டுங்கள்.

நிலையை மாற்றுவது

ஏற்றுவதற்கு யாரையும் கேட்க வேண்டாம். இறக்குவது கமாண்டரின் முடிவு, கமாண்டர் இல்லாத செவ்-2இல் ஆன்-காலின் முடிவு. பாதிப்பு குறைந்ததை கிராஃபில் 15 நிமிடம் தொடர்ந்து பார்த்த பிறகே இறக்க வேண்டும், திருத்தம் டிப்ளாய் ஆன உடனே அல்ல. இறக்கியதும், இனித் தேவைப்படாதவர்களைப் பெயர் சொல்லித் தூங்க அனுப்புங்கள். சொல்லாவிட்டால் எல்லாரும் அழைப்பிலேயே உட்கார்ந்திருப்பார்கள்.

மேலாளர்கள் நிலவரத்தை இன்சிடென்ட் சேனலில் படிக்கலாம், கேள்வி இருந்தால் கமாண்டரிடம் கேட்கலாம். சரிசெய்துகொண்டிருப்பவருக்குத் தனியாகச் செய்தி அனுப்பக் கூடாது.

மறுநாள்

ராத்திரி 11 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையில் எழுந்தவர், வேலை முடிந்த நேரத்திலிருந்து 10 மணி நேரம் கழித்து வந்தால் போதும், விடுப்பில் கழியாது. அன்று காலை ஆன்-காலை இரண்டாமவர் பார்ப்பார். எழுந்து பார்த்தபோது செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை என்றால், அந்த அலாரத்தின் பெயரை டீமின் வாராந்தரக் கூட்டப் பட்டியலில் சேருங்கள். அதே அலாரம் இரண்டாவது முறை அப்படி எழுப்பினால், டீம் லீட் அதை அந்த வாரமே செவ்-3க்கு இறக்கவோ நீக்கவோ வேண்டும்.