திருகோணமலை மாம்பழப் பெட்டி – கறுத்தக்கொழும்பான், விலாட்டு, அம்பலவி

சாம்பல்தீவுப் பக்கம் எங்கட வளவிலயும் பக்கத்து ரெண்டு வளவிலயும் ஆயிற மாங்காய்தான், கடையில வாங்கிப் பெட்டி மாத்திக் குடுக்கிறதில்ல. ஒரு பெட்டிக்குள்ள மூண்டு சாதியும் இருக்கும், பாதிக்கு மேல கறுத்தக்கொழும்பான், மிச்சம் விலாட்டும் அம்பலவியும். ஒரே சாதிதான் வேணுமெண்டா ஓடர் போடேக்கயே சொல்லுங்கோ.

பெட்டி 5 கிலோ, விலை 4,200 ரூபா. பெட்டியும் வைக்கோலும் இந்த 5 கிலோக்குள்ள வராது, பழம் மட்டும் தராசில வச்சு நிறுக்கிறது. பழுக்கப் பழுக்க தண்ணி வத்தி நிறை கொஞ்சம் குறையும், அதால 200 கிராம் கூடவே போட்டு விடுறம், வந்த உடன நிறுத்துப் பார்த்து 5 கிலோக்குக் குறைஞ்சா குறைஞ்ச காசு திருப்பித் தருவம்.

பழம் எந்தப் பதத்தில வரும் எண்டு நிறையப் பேர் கேக்கிறீங்கள். டவுன், உவர்மலை, பாலையூற்று, நிலாவெளி ஆக்களுக்கு அடுத்த நாள் சாப்பிடுற பதத்தில வரும், கிண்ணியா மூதூருக்கும் அப்பிடித்தான். கொழும்புக்கு இரவு பஸ்ஸில போறதால செங்காயாத்தான் அனுப்புவம், கனிஞ்சதை அனுப்பினா அடியில கிடக்கிறது நசிஞ்சு போகும், ரெண்டு மூண்டு நாள் வீட்டுக்குள்ள வச்சாப் பழுத்திடும். காபைட் போடுறதே இல்ல, அதால ஒரு பெட்டியில எல்லாம் ஒரே நாளில பழுக்காது, அது நல்லதுக்குத்தான், ஒவ்வொண்டா எடுத்துச் சாப்பிடலாம். கறுத்தக்கொழும்பான் பழுத்தாலும் தோல் பச்சையாத்தான் தெரியும், நிறத்தைப் பார்த்துக் காத்திருந்தா அழுகிப்போகும், காம்படியில மணந்து பாருங்கோ, வாசம் வந்து விரலுக்கு மெத்தெண்டு இருந்தா வெட்டலாம். பழுக்க முதல் பிரிஜ்ஜுக்குள்ள மட்டும் வச்சிடாதீங்கோ, பிறகு ஒழுங்காப் பழுக்காது, ருசியும் வராது.

கொக்கத்தடியால ஆஞ்சு வலையில பிடிக்கிறது, நிலத்தில விழுந்ததை பெட்டிக்குள்ள போடமாட்டம். காம்பு கொஞ்சம் விட்டுத்தான் வெட்டுறம், ஒட்ட வெட்டினா பால் வடிஞ்சு தோல் கருகிடும். எண்டாலும் மருந்து குறைச்ச மரம், தோலில சின்னக் கறுப்புப் புள்ளி இருக்கும், அது பழுது இல்ல, அதுக்கு மாத்தித் தரமாட்டம்.

அழுகல், நசியல் இருந்தா பெட்டி கிடைச்சு 24 மணித்தியாலத்துக்குள்ள பழத்தையும் பெட்டியையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்து இன்பொக்ஸில போடுங்கோ, பழுதான நிறைக்கு அடுத்த பெட்டியில பழம் இல்லாட்டி காசு, எது வேணுமோ அது. புழு வெளியில தெரியாது, அதால புழுவுக்கு 24 மணித்தியாலக் கணக்கு இல்ல, எப்ப வெட்டிக் கண்டாலும் போட்டோ அனுப்புங்கோ. செங்காயா வந்ததை வச்சுப் பாத்திட்டு பழுத்துக் கூடிப்போச்சு எண்டா மட்டும் எங்களால ஒண்டும் செய்யேலாது.

செவ்வாயும் வெள்ளியும் ஆயிறம், முதல் நாள் பின்னேரம் 4 மணிக்குள்ள பேர், இடம், எத்தினை பெட்டி எண்டு இன்பொக்ஸ் பண்ணுங்கோ. டவுனுக்குள்ள டெலிவரி இலவசம், மற்ற இடத்துக்கு பஸ் கூலி வேற.