நேற்றைய வெபினாரைத் தவறவிட்டவர்களுக்கு: "பாஸ்வேர்டு போதுமா?" – முக்கியக் குறிப்புகளும் ரீப்ளே லிங்க்கும்

வணக்கம். நேற்று மாலை நடந்த வெபினாருக்கு வந்த எல்லாருக்கும் நன்றி. பதிவு செய்துவிட்டு வர முடியாமல் போனவர்களும், பாதியில் நெட் போய் வெளியேறியவர்களும் காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். முழு வீடியோ இதோ:

▶️ ரீப்ளே: kanakku-kaaval.example/replay

மொத்தம் 1 மணி 22 நிமிடம். அவ்வளவு நேரம் இல்லை என்றால் 14:10லிருந்து 31:00 வரை மட்டும் பாருங்கள். ஈமெயில் கணக்கைப் பற்றிய பகுதி அது. மற்றதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம், இதை மட்டும் இன்றைக்கே பாருங்கள்.

வீடியோ பார்க்கப் பொறுமை இல்லாதவர்களுக்குக் கீழே எழுத்தில்.

📌 முதலில் ஈமெயில் (14:10)

நம் பேச்சாளர் பல வருடம் கணக்கு மீட்புப் பிரிவில் வேலை பார்த்தவர். அவர் ஆரம்பத்திலேயே ஒரு கேள்வி போட்டார்: "உங்கள் கணக்குகளில் எது போனால் மற்ற எல்லாமே போகும்?" சாட்டில் பாதிப் பேர் பேங்க் என்றார்கள், சிலர் வாட்ஸ்அப் என்றார்கள். பதில், ஈமெயில். எந்தத் தளத்துக்குப் போய் "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" என்று அழுத்தினாலும் பெரும்பாலும் மீட்பு லிங்க் வந்து விழுவது அங்கேதான். இன்பாக்ஸ் கையில் இருக்கிறவனுக்கு மற்ற பாஸ்வேர்டுகள் தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

அதனால் ஈமெயிலுக்கு வேறு எங்கும் பயன்படுத்தாத பாஸ்வேர்டு, அதற்கு மேல் ஓடிபி மாதிரி இன்னொன்றும் கேட்கும் இரண்டாவது பூட்டு, சரியான மீட்பு எண் மூன்றும் வேண்டும். மீட்பு எண் விஷயத்தில்தான் பலர் கோட்டை விடுகிறோம். எப்போதோ விட்டுவிட்ட பழைய நம்பர் இன்னும் அங்கே உட்கார்ந்திருக்கும். கைவிட்ட நம்பரைக் கம்பெனி வேறொருவருக்குக் கொடுத்திருக்க வாய்ப்புண்டு. போய்ப் பாருங்கள்.

இன்னொன்றையும் திரையில் காட்டினார்: செட்டிங்ஸில் ஃபார்வர்டிங், ஃபில்டர் என்ற இரண்டு இடங்கள். உள்ளே புகுந்தவன் உங்கள் மெயிலின் நகல் தனக்கும் வரும்படி ஒரு விதி போட்டு வைத்துவிட்டால், நீங்கள் பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் அந்த விதி அப்படியே இருக்கக்கூடும். நீங்கள் போடாத விதி ஏதாவது இருந்தால் உடனே நீக்குங்கள். அப்படியே "எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு" என்பதையும் அழுத்திவிடுங்கள்.

📌 யாரும் உட்கார்ந்து யூகிப்பதில்லை (31:05)

நம் பாஸ்வேர்டை ஒருவன் மண்டையைக் குடைந்து கண்டுபிடிப்பான் என்ற படம் நம் எல்லார் மனதிலும் இருக்கிறது. பெரும்பாலும் நடப்பது வேறு. ஏதோ ஒரு சின்னத் தளத்திலிருந்து ஈமெயிலும் பாஸ்வேர்டும் கொத்தாகக் கசியும். அந்தப் பட்டியலை எடுத்து ஒரு புரோகிராம் நூறு இடங்களில் போட்டுப் பார்க்கும். ஒரே பாஸ்வேர்டை நான்கு இடத்தில் வைத்திருப்பவர் நான்கு இடத்திலும் மாட்டுவார். அது எவ்வளவு கடினமான பாஸ்வேர்டு என்பது இங்கே கணக்கே இல்லை.

உங்கள் ஈமெயில் முகவரியோ பாஸ்வேர்டோ கசிந்திருக்கிறதா என்று haveibeenpwned.com தளத்தில் பார்க்கலாம். டிராய் ஹன்ட் என்ற பாதுகாப்பு வல்லுநர் 2013ல் தொடங்கியது. "என் பாஸ்வேர்டையே அங்கே டைப் செய்யச் சொல்கிறீர்களே, அது மட்டும் பாதுகாப்பா?" என்று சாட்டில் ஒருவர் மடக்கினார். நல்ல கேள்வி. பதிலைப் பேச்சாளர் நேரடியாகவே காட்டினார். "password" என்று டைப் செய்தால், அது உங்கள் பிரவுசரிலேயே ஷா-1 முறையில் 40 எழுத்துகள் கொண்ட கோவையாக மாறுகிறது. தளத்துக்குப் போவது அதன் முதல் ஐந்து எழுத்து மட்டும்:

```
5BAA6 | 1E4C9B93F3F0682250B6CF8331B7EE68FD8
```

5BAA6 என்று தொடங்கும் எல்லாக் கசிந்த கோவைகளையும் தளம் திருப்பி அனுப்பும். மீதி 35 எழுத்து அதில் இருக்கிறதா என்று உங்கள் பிரவுசரே தேடிக்கொள்ளும். நீங்கள் எந்தப் பாஸ்வேர்டைக் கேட்டீர்கள் என்று அந்தத் தளத்துக்கே தெரியாது. வெபினாரில் எனக்கு மிகவும் பிடித்த ஐந்து நிமிடம் இதுதான், 36:40ல் இருக்கிறது.

📌 நீளம்தான் பலம் (41:30)

ஒரு பெரிய எழுத்து, ஒரு எண், ஒரு குறியீடு, தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை மாற்றம் என்று அலுவலகங்களில் நம்மைப் பாடாய்ப் படுத்துகிறார்களே, அந்தப் பழக்கத்துக்குப் பெரிய காரணம் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2004ல் வெளியிட்ட ஓர் ஆவணம். அதை எழுதிய பில் பர் அந்த அறிவுரைகளில் பலவற்றுக்காக இப்போது வருந்துவதாக 2017ல் ஒரு நாளிதழிடம் சொன்னார். அதே ஆண்டில் நிஸ்ட்டும் வழிகாட்டுதலைத் திருப்பிப் போட்டது: கசிந்ததற்கான அறிகுறி இருந்தால் மாற்றச் சொல், சும்மா நாள் கணக்கில் மாற்றச் சொல்லாதே. காரணம் எளிது. அடிக்கடி மாற்றச் சொன்னால் மனிதர்கள் கடைசி 1ஐ 2 ஆக்குவார்கள், அவ்வளவுதான். 2025ல் வந்த பதிப்பு இன்னும் கறார்: பாஸ்வேர்டு மட்டுமே பூட்டாக இருக்கும் இடத்தில் குறைந்தது 15 எழுத்து.

கணக்குப் பார்க்க விரும்புவோருக்கு: கீபோர்டில் உள்ள 94 குறிகளிலிருந்தும் எடுத்த 8 எழுத்துப் பாஸ்வேர்டை விட, சாதாரணச் சிறிய எழுத்துகள் மட்டுமே கொண்ட 12 எழுத்துப் பாஸ்வேர்டுக்குச் சாத்தியங்கள் 15 மடங்குக்கும் மேல். ஆனால் அந்த 12ம் குருட்டாம்போக்கில் விழுந்தவையாக இருக்க வேண்டும். பிள்ளையின் பெயரும் பிறந்த வருடமும் சேர்த்து 12 வந்தால் அது கணக்கில் சேராது.

மனப்பாடம் செய்ய வேண்டியவற்றுக்குச் சொற்கோவை நல்லது. டைஸ்வேர் என்ற முறையில் 7,776 சொற்கள் கொண்ட பட்டியல் இருக்கும். ஆறு பக்கப் பகடையை ஐந்து முறை உருட்டினால் ஒரு சொல் கிடைக்கும். ஆறு சொல் எடுத்தால் தாராளம். சொற்களைப் பகடை தேர்ந்தெடுக்கட்டும், நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள். நாம் எடுத்தால் பாட்டு வரிதான் வரும்.

📌 பாஸ்வேர்டு மேனேஜர் (52:00)

நூறு கணக்குக்கு நூறு பாஸ்வேர்டு யாராலும் நினைவில் வைக்க முடியாது. மேனேஜர் அதற்குத்தான். பலர் கவனிக்காத ஒரு பலன்: அது தளத்தின் முகவரியைப் பார்த்துத்தான் தானாக நிரப்பும். லோகோ, நிறம் எல்லாம் அச்சு அசலாக இருந்தும் மேனேஜர் நிரப்ப மறுத்தால், அங்கேயே நின்று முகவரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். கண் ஏமாறும், அது ஏமாறாது.

"மேனேஜரையே உடைத்துவிட்டால்?" என்ற கேள்வியும் எதிர்பார்த்தபடி வந்தது. நடந்திருக்கிறது. 2022ல் லாஸ்ட்பாஸ் என்ற மேனேஜரின் வாடிக்கையாளர்களுடைய பெட்டகங்கள் நகலெடுக்கப்பட்டன. பாஸ்வேர்டுகள் குறியாக்கம் செய்யப்பட்டிருந்தன, ஆனால் எந்தெந்தத் தளங்கள் என்ற முகவரிகள் செய்யப்பட்டிருக்கவில்லை. அதனால் பெட்டகத்தைத் திறக்கும் முதன்மைப் பாஸ்வேர்டு எவ்வளவு நீளம் என்பதுதான் ஒவ்வொருவருடைய தலையெழுத்தையும் தீர்மானித்தது. மேலே சொன்ன ஆறு சொல் இங்கே போட வேண்டியது. அப்படியும் மேனேஜர் வேண்டாம் என்பவர்கள் ஒரு நோட்டில் எழுதி வீட்டில் பூட்டி வையுங்கள். எல்லா இடத்திலும் ஒரே பாஸ்வேர்டு வைப்பதற்கு அது எவ்வளவோ மேல் என்பது என் அபிப்பிராயம், பேச்சாளரும் தலையாட்டினார்.

📌 இரண்டாவது பூட்டு, அப்புறம் பாஸ்கீ (1:01:20)

இரண்டாவது பூட்டே இல்லாததற்கு எஸ்எம்எஸ் ஓடிபி மேல். ஆனால் உங்கள் நம்பரை வேறு சிம்முக்கு மாற்றிக்கொள்ளும் மோசடி இருப்பதால் முடிந்த இடத்தில் ஆத்தென்டிகேட்டர் ஆப்புக்கு மாறுங்கள். 30 நொடிக்கு ஒருமுறை மாறும் அந்த ஆறு இலக்கம் எங்கிருந்தும் வருவதில்லை. முதலில் ஸ்கேன் செய்த ரகசியத்தையும் இப்போதைய நேரத்தையும் வைத்து உங்கள் போனே கணக்கிடுகிறது. அதனால்தான் சிக்னல் இல்லாத இடத்திலும் ஓடும். கோடு தப்பு தப்பு என்று வந்தால் போனின் கடிகாரத்தைச் சரிபாருங்கள்.

ஆனால் போலித் தளத்தில் நீங்களே அந்த ஆறு இலக்கத்தைப் போட்டால், மறுமுனையில் இருப்பவன் அதே நொடியில் அசல் தளத்தில் போட்டுவிடுவான். பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் பயன்படும் பாஸ்கீ அடைப்பது இந்த ஓட்டையைத்தான். சாவி இரண்டு பகுதி: பொதுச் சாவி தளத்திடம், ரகசியச் சாவி உங்கள் சாதனத்திடம் அல்லது உங்கள் மேனேஜரிடம். எந்தத் தளத்துக்காக உருவானதோ அங்கே மட்டும்தான் வேலை செய்யும், போலி முகவரியில் கேட்டாலும் கொடுக்க எதுவும் இருக்காது. 2022 மே மாதம் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் இதற்குக் கூடுதல் ஆதரவு தருவதாகச் சேர்ந்தே அறிவித்தன. விரல் ரேகை தளத்துக்குப் போகுமா என்று நிறையப் பேர் கேட்டீர்கள். போகாது. அது போனுக்குள்ளேயே சாவியைத் திறக்க மட்டும்.

📌 கேள்வி நேரத்திலிருந்து (1:12:00)

இரண்டாவது பூட்டைத் திறக்க முடியாமல் போனால் உதவும் ரெக்கவரி கோடுகளை அதே போனிலேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பதில் பயனில்லை, போன் தொலைந்தால் அதுவும் சேர்ந்து போகும். பேப்பரில் எழுதுங்கள்.

"முதல் பள்ளி எது?" மாதிரிக் கேள்விகளுக்கு உண்மையைச் சொல்லாதீர்கள். வாய்க்கு வந்ததைச் சொல்லி மேனேஜரில் குறித்து வையுங்கள்.

"அம்மாவுக்கு இதையெல்லாம் எப்படிச் சொல்லிக் கொடுப்பது?" என்று ஒரு மகள் கேட்டார். பேச்சாளர் சொன்னது: எல்லாவற்றையும் சொல்லிக் கொடுக்காதீர்கள். ஈமெயிலை மட்டும் நீங்கள் கூட உட்கார்ந்து பூட்டிக் கொடுங்கள். அப்புறம் ஒரே விதி: போனில் யார் ஓடிபி கேட்டாலும், "என் மகளிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்" என்று வைத்துவிட வேண்டும். "மகள் குரலிலேயே கேட்டால்?" என்று உடனே இன்னொருவர். அப்போதும் வைத்துவிட்டு, சேமித்து வைத்திருக்கும் நம்பருக்கு அம்மாவே திருப்பி அழைக்க வேண்டும்.

நமக்கு ஏதாவது ஆகிவிட்டால் குடும்பத்துக்கு எப்படிக் கிடைக்கும் என்பதற்குக் கூகுளில் இனாக்டிவ் அக்கவுன்ட் மேனேஜர், ஆப்பிளில் லெகசி கான்டாக்ட் என்று வசதிகள் இருக்கின்றன. நேரம் போதாததால் மேலோட்டமாகத்தான் தொட்டோம், அதற்குத் தனியாக ஒரு அமர்வு வைக்கலாம் என்றிருக்கிறோம்.

முதல் நான்கு நிமிடம் ஆடியோ கொஞ்சம் கரகரக்கும், தாண்டிவிடுங்கள். ரீப்ளே இந்த மாதக் கடைசி வரை திறந்திருக்கும். பார்க்க எந்தப் பதிவும் தேவையில்லை, பாஸ்வேர்டும் கேட்காது 😄

▶️ kanakku-kaaval.example/replay
📄 ஸ்லைடுகளும் அதே பக்கத்தில், வீடியோவுக்குக் கீழே.

சந்தேகம் இருந்தால் கமெண்டில் கேளுங்கள், பேச்சாளர் புதன்கிழமை வரை பதில் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். தயவுசெய்து உங்கள் பாஸ்வேர்டை எழுதி "இது பலமானதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். நேற்று சாட்டில் இருவர் கேட்டுவிட்டார்கள், அதை நாங்கள் நீக்கிவிட்டோம். நீங்களும் மாற்றிவிடுங்கள்.

#பாஸ்வேர்டு #பாஸ்கீ #இணையப்பாதுகாப்பு #வெபினார்ரீப்ளே