காம்பவுண்டு சுவர்: கான்கிரீட், செங்கல், சிமென்ட் அளவு மதிப்பீடு

சுவர் நீளம் 27 மீ, தரைக்கு மேல் உயரம் 1.5 மீ, கனம் 230 மி.மீ. கேட் இந்தப் பக்கத்தில் வரவில்லை. சுமார் 3 மீட்டருக்கு ஒன்றாக 230 × 230 அளவில் 10 தூண்கள். கம்பி இதில் சேரவில்லை, அதற்குத் தனிப் பட்டியல்.

செங்கல்

தூண்கள் 2.3 மீ எடுத்துக்கொள்வதால் கட்டு நீளம் 24.7 மீ, பரப்பு 37.05 சதுர மீட்டர். கல் 230 × 110 × 70, இணைப்பு 10 மி.மீ. கன அளவை வைத்து எண்ணினால் கல் குறைத்து வரும், ஏனென்றால் சுவரின் வெளிமுகத்தில் இணைப்புக் கலவை கிடையாது. அதனால் பரப்பை வைத்தே எண்ணியிருக்கிறேன்: ஒரு சதுர மீட்டருக்கு 2 ÷ (0.24 × 0.08) = 104 கல். மொத்தம் சுமார் 3,860. இறக்கும்போது உடைவதற்கும் வெட்டுக்கும் 5% சேதாரம் சேர்த்தால் 4,052. ஆர்டர் 4,100.

கட்டுக் கலவை 1:6. சுவரின் கன அளவு 8.52, அதில் கல் மட்டும் 6.83, மீதி 1.69 கன மீட்டர் கலவை. கீழே சிந்துவதையும் கல்லின் குழியில் இறங்குவதையும் சேர்த்து 15% கூட்டினேன்: 1.94. உலர் அளவுக்கு 1.33-ஆல் பெருக்கினால் 2.58. சிமென்ட் 10.6 மூட்டை.

கான்கிரீட்

1:1½:3 கலவையில் (கன மீட்டர்):
பூட்டிங் 10 × 0.9 × 0.9 × 0.25 = 2.03
தூண் 10 × 0.23 × 0.23 × 2.1 = 1.11
பிளிந்த் பீம் 27 × 0.23 × 0.23 = 1.43
மேல் கோப்பிங் 27 × 0.28 × 0.05 = 0.38

கூட்டினால் 4.94, 3% சேதாரத்துடன் 5.09. உலர் அளவு ×1.54 = 7.84. அதை 5.5-ஆல் வகுத்து 1,440 கிலோவால் பெருக்கினால் சுமார் 2,052 கிலோ, அதாவது 41 மூட்டை. தூணின் 2.1 மீட்டரில் 0.6 மீ மண்ணுக்குள் போகிறது. தோண்டும்போது கெட்டி மண் இன்னும் கீழே இருந்தால் இந்த வரியை மட்டும் திருத்த வேண்டும்.

அடிக் கான்கிரீட் 1:4:8. பூட்டிங் அடியில் 1.21, பீம் அடியில் 0.56, 5% சேர்த்து 1.85. சிமென்ட் 6.3 மூட்டை.

பூச்சு

இருபுறமும் 81 சதுர மீட்டர், 12 மி.மீ., 1:5. கல்லின் மேடுபள்ளம் கலவையை விழுங்கும், அதனால் இங்கே 20%. சிமென்ட் 7.4 மூட்டை.

வாங்க வேண்டியது

சிமென்ட் 66 மூட்டை (50 கிலோ). கான்கிரீட்டுக்கு 48 முதலில், கட்டுக்கும் பூச்சுக்கும் 18 பிறகு. ஒரேயடியாக இறக்கி மழையில் கட்டியாக விட வேண்டாம். செங்கல் 4,100. ஜல்லி 20 மி.மீ. 4.5, 40 மி.மீ. 1.9 கன மீட்டர். மணல் கணக்கில் 6.5 வருகிறது, ஆனால் லாரியில் வருவது பெரும்பாலும் ஈர மணல், உப்பித்தான் இருக்கும். 7.2 கன மீட்டராகச் சொல்லிவிடலாம்.