பொருள்: இயற்பியல் வேதியியல் இரண்டாம் இன்டர்னல் – மறுதேர்வு வேண்டி

மதிப்பிற்குரிய மேடம் அவர்களுக்கு,

வணக்கம். நான் மூன்றாம் ஆண்டு பி.எஸ்சி. வேதியியல் 'பி' பிரிவு மாணவன் அருண், வரிசை எண் 17. திங்கட்கிழமை (15ஆம் தேதி) காலை 10 மணிக்கு நடந்த இரண்டாம் இன்டர்னல் தேர்வை எழுத முடியவில்லை.

அன்று காலை திண்டுக்கல் பக்கம் அக்கா வீட்டுக் குலதெய்வக் கோயிலில் அக்கா மகளுக்குக் காதுகுத்து. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். அக்காவுக்கு நான் ஒரே தம்பி. 17ஆம் தேதி இருந்த தேர்வு 15க்கு மாறிய அறிவிப்பு வெள்ளி மாலை வந்தது. சனிக்கிழமை கடலூரிலிருந்து கிளம்பும் முன்பே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது என் தவறு, மன்னிக்கவும்.

மதிப்பெண் பதிவு 26ஆம் தேதி முடிவதாக வகுப்பில் சொன்னீர்கள். அதற்குள் எழுத அனுமதி வேண்டுகிறேன். செவ்வாய், வியாழன் மதியம் 2 மணிக்கு மேல் எனக்கு வகுப்போ லேபோ இல்லை. வேறு வினாத்தாள் தந்தாலும் சரி. அலகு 2, 3 இரண்டும் படித்துவிட்டேன். அர்ரீனியஸ் வரைபடத்தில் சாய்விலிருந்து கிளர்வு ஆற்றல் காணும் கணக்குகளையும் போட்டுப் பார்த்தேன். கிராஃப் தாள், கால்குலேட்டர் நானே கொண்டு வருகிறேன்.

பத்திரிகை, போக வர பஸ் டிக்கெட், அப்பா கையெழுத்திட்ட கடிதம் மூன்றையும் இணைத்துள்ளேன். துறைத்தலைவர் ஒப்புதல் தேவையென்றால், விண்ணப்பத்தை நாளை காலை 9.15க்கு உங்கள் கையெழுத்துக்குக் கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மாணவன்,
அருண்